கிளெய்ம் முடிவுக் கடிதம் தமிழில் கேட்டால் தருவார்களா? (தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம்)

காரிமங்கலம் இசேவை | 9 பிப்ரவரி 2025

பாலிசி ஷெட்யூலையோ கிளெய்ம் முடிவுக் கடிதத்தையோ தமிழில் கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எங்கள் சென்டருக்கு வரும் பெரியவர்கள் பான் கார்டுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் வந்தாலும், போகும்போது மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு இன்சூரன்ஸ் கடிதத்தை எடுத்து நீட்டுவார்கள். "பணம் வருமா வராதா, அதை மட்டும் சொல்லும்மா" என்பார்கள்.

இப்போது கேட்பது என் தாய்மாமாவுக்காக. 72 வயது, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் பேப்பரை டெண்டர் விளம்பரம் வரைக்கும் படிப்பவர், கணக்கில் கெட்டி. ஆங்கிலம் மட்டும் ஓடாது. பேங்க் மூலமாக எடுத்த 3 லட்ச ரூபாய் மெடிக்கல் பாலிசி இருக்கிறது. ஜனவரியில் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. பில் 1,20,000. கையிலிருந்து கட்டிவிட்டுக் கிளெய்ம் போட்டோம். கம்பெனி 80,000 அனுப்பியிருக்கிறது.

மீதி 40,000 ஏன் வரவில்லை என்பதற்கு இரண்டு பக்க ஆங்கிலக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான். ரூம் வாடகை வரம்பைத் தாண்டியதால் விகிதப்படி கழித்திருக்கிறார்களாம். கஸ்டமர் கேரில் பேசிய பெண் நல்ல தமிழில், பொறுமையாகப் பேசினார். கடிதத்தைத் தமிழில் கேட்டதும் "அதற்கு வசதி இல்லை மேடம்" என்று முடித்துவிட்டார்.

விற்கும்போது பேச வந்த தமிழ், பணத்தைப் பிடிக்கும்போது எழுத வராதா?

பர்கூர் வாசகன் | 9 பிப்ரவரி 2025

அக்கா, சட்டமே இருக்கு. ஆட்சிமொழிச் சட்டப்படி மத்திய அரசு நிறுவனங்கள் அந்தந்த மாநில மொழியில் கடிதம் கொடுக்கணும். கொடுக்கலன்னா கேஸ் போடலாம். கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை குறைதீர் நாள்ல ஒரு மனு குடுங்க, ஓடி வருவாங்க.

கிருஷ்ணகிரி ஓய்வு ஏஓ | 10 பிப்ரவரி 2025

தம்பி, அப்படிக் கிடையாது. ஆட்சிமொழிச் சட்டம் பேசுவது இந்தி, ஆங்கிலம் பற்றி. 1976-ல் வந்த ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று அந்த விதியின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த அம்மா சொல்வது தனியார் கம்பெனி போலத் தெரிகிறது. கலெக்டரிடம் மனு கொடுத்தால் அவர் அதைக் கம்பெனிக்கு அனுப்பி வைப்பார். கிளெய்மில் முடிவு சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை.

மொழி விஷயத்தில் நமக்குத் துணையாக இருப்பது ஒன்று: அரசியலமைப்பின் 350-வது பிரிவு. குறை தீர்க்கச் சொல்லி மத்திய, மாநில அதிகாரிகளுக்கு எழுதும் மனுவை இந்நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதலாம். நாம் தமிழில் எழுத உரிமை உண்டு. பதிலும் தமிழில்தான் வர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை.

பொது இன்சூரன்ஸில் இருபது வருடத்துக்கு மேல் கிளெய்ம் சீட்டில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன். ஷெட்யூல், முடிவுக் கடிதம், நீங்கள் சொல்லாத இன்னொரு தாள் என்று மூன்று காகிதம் இருக்கிறது, மூன்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் கேட்கும் விதம் வேறு. நாளை எழுதுகிறேன்.

பெண்ணாகரம் 62 | 10 பிப்ரவரி 2025

எங்க வீட்டுல முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு. அதுல எல்லாமே தமிழ்லதான் இருக்கு. தருமபுரி மெடிக்கல் காலேஜ்ல காட்டினோம், ஒரு பைசா கேக்கல. எதுக்கு தனியார் கம்பெனி பின்னாடி அலையணும்?

காரிமங்கலம் இசேவை | 10 பிப்ரவரி 2025

அண்ணா, அது அரசுத் திட்டம். அதில் பிரீமியம் நாம் கட்டுவதில்லை, பணமும் ஆஸ்பத்திரிக்கே நேராகப் போய்விடுகிறது. உங்களுக்கு அது நல்லபடியாக நடந்ததில் சந்தோஷம். மாமா வருடா வருடம் சொந்தக் காசு கட்டும் பாலிசி இது.

கிருஷ்ணகிரி ஓய்வு ஏஓ | 11 பிப்ரவரி 2025

முதல் காகிதம், பலர் கண்ணில் படாதது: கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட். சிஐஎஸ் என்பார்கள். மெடிக்கல் பாலிசிக்கு இது 2024 ஜனவரி 1 முதல் புதிய வடிவில் தரப்படுகிறது. பாலிசிதாரர் விரும்பினால் இதை உள்ளூர் மொழியில் தர வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ எழுதியே வைத்திருக்கிறது. ஆகவே இதைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். "வசதி இல்லை" என்று யாராவது சொன்னால், அந்தப் பதிலையே எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள், தாளைத் தேடி எடுத்துத் தருவார்கள்.

இந்தத் தாளில் என்ன இருக்கும்? எதற்கு எவ்வளவு வரம்பு, எதற்குக் காத்திருப்புக் காலம், எது கிடைக்காது, நம் பங்காக எத்தனை சதவீதம் கட்ட வேண்டும், கிளெய்ம் எப்படிப் போடுவது, குறையை யாரிடம் சொல்வது. உங்கள் மாமாவின் ரூம் வாடகை வரம்பும் இதில் இருந்திருக்கும். ஆபரேஷனுக்கு முன்பே இது தமிழில் கையில் இருந்திருந்தால், அட்மிஷன் கவுன்டரில் ரூம் கேட்கும்போதே சுதாரித்திருப்பார்.

இரண்டாவது, ஷெட்யூல். இதைத் தமிழில் தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பழைய விதியிலும் "தரலாம்" என்ற அளவில்தான் இருந்தது. கேட்டுப் பாருங்கள், தராவிட்டால் அதில் சண்டை போட்டு நாளை வீணாக்காதீர்கள். ஷெட்யூலில் இருக்கும் முக்கால்வாசி விஷயம் தமிழ் சிஐஎஸ்ஸில் வந்துவிடும். அதில் வராதவை பெயர், பிறந்த தேதி, நாமினி, ஏற்கெனவே இருப்பதாகச் சொன்ன வியாதிகள். இந்த நான்கையும் வீட்டில் படித்த பிள்ளை யாராவது பெரியவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினால் போதும். சர்க்கரை, பிரஷர் இருப்பதைச் சொல்லியும் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், உடனே எழுத்தில் திருத்தச் சொல்ல வேண்டும். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பித் தரவும் வழி உண்டு. அந்த 30 நாள் முடியும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்டது.

அரூர் ஏஜென்ட் | 11 பிப்ரவரி 2025

ஏஓ சார் சொல்றது சரி, ஆனா ஊர்ல நடக்கறது வேற. பெரியவங்க பாலிசி விண்ணப்பத்துல, அதாவது புரபோசல்ல, கையெழுத்து தமிழ்ல போட்டா, "எனக்குப் புரியற மொழியில விளக்கிச் சொன்னாங்க"ன்னு ஒரு டிக்ளரேஷன் சேர்த்து வாங்குவோம். நான் நிஜமாவே உக்காந்து சொல்லுவேன். எல்லாரும் சொல்றாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கிளெய்ம்ல தகராறு வந்தா கம்பெனி எடுத்துக் காட்டறது அந்த டிக்ளரேஷனைத்தான்.

காரிமங்கலம் இசேவை | 11 பிப்ரவரி 2025

ஏஜென்ட் அண்ணா, இது பெரிய விஷயம். நான் சென்டரில் பார்த்தவரை அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதே பெரியவர்களுக்கு நினைவில் இருப்பதில்லை. "எங்க போடச் சொன்னாங்களோ அங்க போட்டேன்" என்பார்கள்.

கிருஷ்ணகிரி ஓய்வு ஏஓ | 12 பிப்ரவரி 2025

ஏஜென்ட் தம்பி மனசாட்சியோடு பேசியிருக்கிறார். பாலிசியோடு புரபோசல் படிவத்தின் நகலும் வர வேண்டும். வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அதில் அந்த டிக்ளரேஷன் யார் பெயரில், யார் கையெழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விளக்கியதாகக் கையெழுத்துப் போட்டவரைப் பெரியவர் நேரில் பார்த்ததே இல்லை என்றால், அதை இப்போதே எழுதி வையுங்கள். கிளெய்ம் மறுத்த பிறகு சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

முடிவுக் கடிதத்துக்கு வருகிறேன். அதைத் தமிழில் மொழிபெயர்த்துத் தர வேண்டும் என்று எனக்குத் தெரிந்து எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அதைவிடப் பலமான ஒன்று இருக்கிறது. 2024 மே 29-ல் வந்த மெடிக்கல் இன்சூரன்ஸ் மாஸ்டர் சர்க்குலர், கிளெய்மை முழுதாக மறுத்தாலும் சரி, ஒரு பகுதியைக் குறைத்தாலும் சரி, பாலிசியின் எந்த விதியின்படி என்று குறிப்பிட்டு முழு விவரத்தையும் கிளெய்ம் செய்தவருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. மறுப்பதாக இருந்தால் கம்பெனிக்குள் இருக்கும் ஒரு கமிட்டியின் ஒப்புதலும் வேண்டும்.

மாமாவுக்கு வந்த "விகிதப்படி கழிவு" என்ற ஒற்றை வரி முழு விவரம் ஆகாது. அதனால் வெறுமனே "தமிழில் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அதே ஒரு வரியைத் தமிழாக்கி அனுப்பிவிட்டுக் கோப்பை மூடுவார்கள். எந்த விதி, அதன் வாசகம் என்ன, பில்லில் எந்தத் தலைப்பில் எவ்வளவு பிடித்தீர்கள் என்று கேளுங்கள். அதைத் தமிழில் கேளுங்கள். பில் விவரம் இருந்தால் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

காரிமங்கலம் இசேவை | 12 பிப்ரவரி 2025

பில் இதோ. பாலிசியில் ரூம் வாடகை நாளுக்கு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 3,000. மாமா இருந்த ரூம் 4,500, நான்கு நாள், 18,000. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 54,000. மருந்து, ஊசிப் பொருட்கள், உள்ளே வைத்த வலை 30,000. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை 18,000. கூட்டினால் 1,20,000.

பர்கூர் வாசகன் | 12 பிப்ரவரி 2025

ரூமுக்கு நாளுக்கு 1,500 அதிகம், நாலு நாளுக்கு 6,000. அதை மட்டும்தான் கழிக்கணும். 40,000 கழிச்சது பகல் கொள்ளை.

கிருஷ்ணகிரி ஓய்வு ஏஓ | 13 பிப்ரவரி 2025

தம்பி பாதி சரி. ரூமோடு நிற்காது. பெரிய ரூமுக்குப் போனால் பல ஆஸ்பத்திரிகளில் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாமே கூடும். அதனால்தான் விகிதக் கழிவு என்ற விதியே இருக்கிறது. 4,500-க்கு 3,000 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. ரூமில் 12,000 கிடைக்கும், டாக்டர், தியேட்டர், நர்சிங்கில் 54,000-க்கு 36,000 கிடைக்கும். இதுவரை கம்பெனி பக்கம் நியாயம்.

ஆனால் மருந்து, ஊசிப் பொருட்கள், உடம்புக்குள் வைக்கும் சாதனம், பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த விகிதத்தைப் போடக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2020-லேயே சொல்லிவிட்டது. ஐசியு கட்டணத்திலும் போடக் கூடாது. ரூமுக்குத் தகுந்தபடி கட்டணம் மாற்றாத ஆஸ்பத்திரி என்றால் விகிதக் கழிவே கூடாது. ஆகவே 30,000-மும் 18,000-மும் முழுதாக வர வேண்டும். கூட்டிப் பாருங்கள்: 12,000, 36,000, 30,000, 18,000. மொத்தம் 96,000.

80,000 எப்படி வந்தது? 1,20,000-த்தில் மூன்றில் இரண்டு பங்கு. மொத்த பில்லின் மேலும் ஒரேயடியாக விகிதத்தைப் போட்டிருக்கிறார்கள். 16,000 குறைகிறது. கம்பெனிக்காகக் கிளெய்ம் பார்க்கும் டிபிஏ ஆட்கள் அவசரத்தில் செய்வது இது. தலைப்புவாரியாகக் கணக்குக் கேட்டால்தான் வெளியே தெரியும்.

காரிமங்கலம் இசேவை | 13 பிப்ரவரி 2025

சார், இதை மாமாவிடம் தமிழில் எழுதிக் காட்டினேன். டிக்கெட் கணக்கு முடித்த மனுஷர், பேனாவை வாங்கி அவரே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, "டாக்டர் ஃபீஸ்ல புடிச்சது சரிம்மா, பெரிய ரூம் எடுத்தது என் தப்பு. மருந்துல எதுக்குப் புடிக்கறான்?" என்றார். கடிதம் இப்படித் தமிழில் வந்திருந்தால் முதல் நாளே இந்தக் கேள்வியை அவரே கேட்டிருப்பார். ஏஜென்டோ நானோ நடுவில் தேவைப்பட்டிருக்க மாட்டோம். 40,000-மும் அநியாயம் என்று நினைத்துக்கொண்டு தூக்கம் கெட்டிருந்தவர், 24,000 நியாயமாகப் போனதை முனகாமல் ஒப்புக்கொண்டார்.

காரிமங்கலம் இசேவை | 14 பிப்ரவரி 2025

கடிதம் எழுதிவிட்டோம். வேறு யாருக்காவது உதவும் என்பதால் போடுகிறேன்.

"குறைதீர் அலுவலர் அவர்களுக்கு. பாலிசி எண், கிளெய்ம் எண் மேலே உள்ளன. எனக்கு 72 வயது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். என் கிளெய்மில் 40,000 ரூபாய் குறைக்கப்பட்டுள்ளது. எந்த விதியின்படி என்பதை அதன் எண்ணோடும் வாசகத்தோடும், பில்லின் ஒவ்வொரு தலைப்பிலும் கேட்டது, தந்தது, பிடித்தது எவ்வளவு என்பதையும் தமிழில் தெரிவிக்கவும். மருந்து, வலை, பரிசோதனைகளில் விகிதக் கழிவு செய்திருந்தால் அந்த 16,000 ரூபாயைத் தரவும். என் பாலிசிக்கான கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட்டைத் தமிழில் அனுப்பவும். தமிழ்ப் பதில் தயாராகத் தாமதமானால் ஆங்கிலப் பதிலை முதலில் அனுப்பவும். இக்கடிதத்தை என் குறை மனுவாகவும் பதிவு செய்யவும்."

கடைசி இரண்டு வரி ஏஓ சார் போனில் சொல்லிச் சேர்த்தது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அதையே ஸ்கேன் செய்து குறைதீர் அலுவலரின் மெயிலுக்கும் போட்டோம்.

கிருஷ்ணகிரி ஓய்வு ஏஓ | 14 பிப்ரவரி 2025

அந்த இரண்டு வரி ஏன் என்றால், தமிழ்க் கடிதத்துக்காகக் காத்திருப்பதால் கெடு நிற்காது. கம்பெனிக்குக் குறை எழுதி, பதில் திருப்தி இல்லை என்றாலோ ஒரு மாதம் பதிலே இல்லை என்றாலோ, அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனிடம் போக வேண்டும். நுகர்வோர் ஆணையம் என்றால் இரண்டு வருடம். "தமிழில் அனுப்புகிறோம்" என்ற ஒரு எஸ்எம்எஸ்ஸை நம்பி வருடத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தளி எல்லை | 16 பிப்ரவரி 2025

எல்லாரும் தமிழ் தமிழ்னு பேசறீங்க. எங்க அம்மாவுக்கு 68. கன்னடம் மட்டும்தான் படிப்பாங்க. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இப்படி நிறைய பேர் இருக்காங்க, தெலுங்கு வீட்டுக்காரங்களும் அப்படித்தான். நாங்க தமிழ்நாட்டுல இருக்கோம், பாலிசி ஓசூர் பிராஞ்ச்ல. தமிழ்ல குடுத்தா அம்மாவுக்கு ஆங்கிலமும் தமிழும் ஒண்ணுதான். எங்களுக்கு உள்ளூர் மொழி எது?

காரிமங்கலம் இசேவை | 16 பிப்ரவரி 2025

இது என் மண்டையில் ஏறவே இல்லை இதுவரை. எங்கள் சென்டருக்கு வருபவர்கள் தமிழ் படிப்பவர்கள் என்பதால் அப்படியே கேட்டுவிட்டேன். ஏஓ சார்?

கிருஷ்ணகிரி ஓய்வு ஏஓ | 17 பிப்ரவரி 2025

விதியில் மாநிலவாரியாக மொழிப் பட்டியல் போட்டதாக நான் பார்த்ததில்லை. பாலிசிதாரர் விரும்பினால் என்றுதான் இருக்கிறது. கர்நாடகாவிலும் விற்கும் கம்பெனி என்றால் கன்னட சிஐஎஸ் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். பிராஞ்சில் கேட்காமல் குறைதீர் அலுவலருக்கே எழுதுங்கள். ஓசூர் பிராஞ்ச் கன்னடத்தில் தர மறுத்தால் யார் பக்கம் தீர்ப்பாகும் என்று என்னால் சொல்ல முடியாது. அப்படி ஒரு வழக்கு என் கைக்கு வந்ததில்லை.

அரூர் ஏஜென்ட் | 17 பிப்ரவரி 2025

மொழிக்கு முன்னாடி இன்னொண்ணு பாருங்க. பாலிசில இருக்கற மொபைல் நம்பர் யாரோடது? எங்க பக்கம் பாதி பெரியவங்க பாலிசில ஏஜென்ட் நம்பரோ, பேங்க்ல எழுதினவர் நம்பரோ, மெட்ராஸ்ல இருக்கற பையன் நம்பரோ இருக்கும். கிளெய்ம் முடிவு எஸ்எம்எஸ் லிங்க்கா அங்கதான் போகும். கடிதம் தமிழ்ல வந்தாலும் வேற ஆளோட போன்ல தமிழ்ல கிடக்கும்.

காரிமங்கலம் இசேவை | 18 பிப்ரவரி 2025

ஏஜென்ட் அண்ணா சொன்னதைப் படித்துவிட்டு மாமா பாலிசியை எடுத்துப் பார்த்தேன். நம்பர் அவருடையதுதான். மெயில் மட்டும் யாருடையது என்றே தெரியவில்லை, கடைசியில் பேங்க் பெயர் ஒட்டியிருக்கிறது. மாற்றச் சொல்லி எழுதிவிட்டோம்.

நேற்று முதல் சென்டரில் இன்சூரன்ஸ் கடிதத்தோடு வருபவர்களிடம் முதலில் கேட்பது இதைத்தான். பாப்பாரப்பட்டியிலிருந்து வந்த ஒரு பாட்டியின் பாலிசியில் இருந்த நம்பருக்குப் போட்டால், டிராக்டர் ஷோரூமில் எடுத்தார்கள். பாட்டி வீட்டில் டிராக்டரே கிடையாது. அவருடைய கண்புரை ஆபரேஷன் கிளெய்மில் கம்பெனி ஏதோ கேட்டு மூன்று நினைவூட்டல் அனுப்பியிருக்கிறது. ஒன்றுகூட அவருக்கு வரவில்லை. சொல்லும்போதே வயிறு எரிகிறது.

பெண்ணாகரம் 62 | 19 பிப்ரவரி 2025

நான் முன்னாடி தப்பா புரிஞ்சு எழுதிட்டேன். எங்க வீட்டுல பேங்க்ல வருசம் 436 ரூபாயும் 20 ரூபாயும் புடிக்கறாங்க, அதுவும் இன்சூரன்ஸ்தானாம். அதுக்கு தமிழ்ல படிவம் கிடைக்குமா?

காரிமங்கலம் இசேவை | 19 பிப்ரவரி 2025

கிடைக்கும் அண்ணா. 436 ஆயுள் காப்பீடு, 20 விபத்துக் காப்பீடு. `jansuraksha.gov.in` தளத்தில் சேரும் படிவமும் கிளெய்ம் படிவமும் தமிழிலேயே இருக்கின்றன. வீட்டில் எல்லாருக்கும் பேங்க் பாஸ்புக்கில் அந்த இரண்டு தொகையும் பிடித்திருக்கிறார்களா என்று வருடா வருடம் பாருங்கள். நாமினி யார் என்றும் கேட்டு எழுதி வையுங்கள்.

பர்கூர் வாசகன் | 22 பிப்ரவரி 2025

ஆர்டிஐ போட்டா? ஆர்டிஐ தமிழ்லயே போடலாம், அது எனக்கு உறுதியா தெரியும்.

கிருஷ்ணகிரி ஓய்வு ஏஓ | 22 பிப்ரவரி 2025

போடலாம், மனுவை அந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் எழுதலாம் என்று சட்டத்தின் 6-வது பிரிவே சொல்கிறது. பொதுத்துறைக் கம்பெனி என்றால் உங்கள் கிளெய்ம் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அருமையான வழி, 10 ரூபாய்தான் கட்டணம். தனியார் கம்பெனி ஆர்டிஐக்குள் வராது. இந்த மாமாவுக்குப் பயன்படாது, ஆனால் பொதுத்துறைப் பாலிசி வைத்திருப்பவர்கள் தம்பி சொன்னதைக் குறித்து வையுங்கள்.

காரிமங்கலம் இசேவை | 5 மார்ச் 2025

பதில் வந்துவிட்டது. தமிழ் சிஐஎஸ் அழகாக அச்சடித்து வந்திருக்கிறது. எழுத்தும் பெரிதாக இருக்கிறது. ரூம் வாடகை வரம்பு இரண்டாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. கீழே, பாலிசி ஆவணத்துக்கும் இதற்கும் முரண் இருந்தால் பாலிசி ஆவணமே செல்லும் என்று போட்டிருக்கிறார்கள். ஏஓ சாரிடம் கேட்டேன், அது எல்லாக் கம்பெனியும் போடும் வழக்கமான வரிதானாம்.

முடிவுக் கடிதத்துக்கான பதில் ஆங்கிலத்தில்தான் வந்தது. ஆனால் இந்த முறை தலைப்புவாரியாகக் கணக்கு இருக்கிறது. மருந்து, வலையில் பிடித்த 10,000 ரூபாயைத் தருவதாக ஒத்துக்கொண்டு, மாமா கணக்கில் போட்டும் விட்டார்கள். பரிசோதனையில் பிடித்த 6,000 மட்டும் தர முடியாதாம். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் பேக்கேஜுக்குள் அடங்கியவையாம்.

மாமா பில்லை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு டெஸ்ட்டும் தனித்தனி வரியாக, தனித்தனி தொகையோடு இருக்கிறது. பேக்கேஜ் என்ற பேச்சே பில்லில் இல்லை.

கிருஷ்ணகிரி ஓய்வு ஏஓ | 6 மார்ச் 2025

நல்ல கேஸ். தனி வரியாக பில் போட்டிருப்பது உங்களுக்குச் சாதகம். ஆஸ்பத்திரியில் ஒரு கடிதம் வாங்குங்கள்: பரிசோதனைகள் பேக்கேஜில் சேர்ந்தவை அல்ல, ரூமைப் பொறுத்து அவற்றின் கட்டணம் மாறுவதும் இல்லை என்று. அதோடு இன்னொரு முறை கம்பெனிக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐயின் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் பதியுங்கள், அல்லது 155255-க்குப் போன் செய்யுங்கள். அங்கே பதிந்தால் கம்பெனிக்குள் வேறொரு மேஜைக்குக் கோப்பு போகும்.

அதற்கும் அசையவில்லை என்றால் ஆம்புட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கான ஆபீஸ் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. `cioins.co.in` தளத்திலும் புகார் பதியலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கக் கூடாது, பெரியவர் தானே பேச வேண்டும். அவர் கண்டக்டர் என்கிறீர்கள், பேசத் தெரியாதா என்ன. விசாரணையை வீடியோவிலும் நடத்துகிறார்கள், உங்கள் சென்டரிலேயே உட்காரலாம்.

அரூர் ஏஜென்ட் | 6 மார்ச் 2025

6,000-க்கு ஆம்புட்ஸ்மன் வரைக்குமா? ஆஸ்பத்திரில லெட்டர் வாங்கவே சேலம் ரெண்டு தடவ போகணும். பெரியவருக்கு அலைச்சல்.

காரிமங்கலம் இசேவை | 7 மார்ச் 2025

நானும் அதைத்தான் மாமாவிடம் கேட்டேன். "அடுத்த வருசமும் இதே கம்பெனிதானே, அப்பவும் ஸ்கேன்ல புடிப்பான்" என்றார். அலைச்சல் அவருக்கு இல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். சேலம் போகும் என் தம்பியிடம் ஆஸ்பத்திரிக்கான கடிதத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

ஏஜென்ட் அண்ணா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாகப் பாலிசி எடுக்கும் பெரியவர்களுக்கு, புரபோசல் கொடுக்கும்போதே "சிஐஎஸ் தமிழில் வேண்டும்" என்று தனித் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி இணைத்துவிடுவீர்களா? பிறகு கேட்டு வாங்குவதைவிட அது சுலபம் என்று தோன்றுகிறது.

அரூர் ஏஜென்ட் | 7 மார்ச் 2025

செய்யறேன் தங்கச்சி. அந்தத் தாள் வாசகத்தை நீங்களே எழுதிக் குடுங்க, நான் பிரிண்ட் போட்டு வெச்சுக்கறேன். மொபைல் நம்பர் அவங்களோடதுதான்னும் அதுலயே ஒரு வரி சேருங்க.

தளி எல்லை | 20 மார்ச் 2025

அம்மாவுக்கு கன்னட சிஐஎஸ் மெயில்ல வந்துடுச்சு. குறைதீர் அலுவலருக்கு எழுதினதும் பெங்களூர் ஆபீஸ்ல இருந்து அனுப்பினாங்க. ஓசூர் பிராஞ்ச்ல கேட்டப்ப அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுன்னாங்க. அம்மா படிச்சுட்டு, முட்டி ஆபரேஷனுக்குக் காத்திருப்புக் காலம் இன்னும் முடியலன்னு அவங்களே கண்டுபிடிச்சாங்க. ஏப்ரல்ல பண்ணலாம்னு டாக்டர்கிட்ட நாள் வாங்கி வெச்சிருந்தோம். இப்ப டாக்டர்கிட்ட கேட்டு ஆகஸ்ட்டுக்குத் தள்ளி வெச்சிருக்கோம்.

தெலுங்குல கேட்டவங்க யாராவது இருந்தா எழுதுங்க, பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேக்கறாங்க.

காரிமங்கலம் இசேவை | 2 ஏப்ரல் 2025

ஆஸ்பத்திரி கடிதம் கொடுத்துவிட்டது. "பரிசோதனைகள் தனியாகக் கட்டணம் வசூலிக்கப்பட்டவை" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். ரூமைப் பொறுத்துக் கட்டணம் மாறுமா என்பதை எழுத மறுத்துவிட்டார்கள். அதையே வைத்துக் கம்பெனிக்கு இரண்டாவது மனு போயிருக்கிறது, பீமா பரோசாவிலும் பதிந்துவிட்டோம். டோக்கன் எண்ணை மாமா காலண்டர் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

தெலுங்கு பற்றி எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் தளிக்காரருக்குச் சொல்லுங்கள்.